ரஜ்ஜு தட்டுது என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 28. நட்சத்திரம் திருவாதிரை, மிதுன ராசி. சில மாதங்களுக்கு முன் ஒரு வரன் வந்தது. அவர் அஸ்தம், கன்னி ராசி. தரகர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, "பத்துக்கு ஆறு, மத்திமம், தாராளமாகப் பார்க்கலாம்" என்றார். பெண் பார்க்க வந்தார்கள், இருவருக்கும் பிடித்துப்போனது. வீட்டுக்குத் தெரிந்தே போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கப் போன இடத்தில் எங்கள் குடும்ப ஜோதிடர், "கழுத்து ரஜ்ஜு தட்டுது, செய்யவே கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டு ஜோதிடரோ தோஷமே இல்லை என்கிறார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. எனக்கு ஜாதகத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பயமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவரும் குழம்பிப்போயிருக்கிறார். இதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது?

பதில்: முதலில் அந்த ஜோதிடர்கள் இருவரும் எதைப் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்துப் பொருத்தம் என்று நாம் சொல்வது முழு ஜாதகத்தைப் பார்ப்பதல்ல. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை ஆகிய பத்துமே ஒரே ஒரு விஷயத்திலிருந்து வருகின்றன. நீங்கள் பிறந்தபோது சந்திரன் எந்த நட்சத்திரத்தில், எந்த ராசியில் இருந்தது என்பதுதான் அது. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஏறக்குறைய 27 நாளில் சுற்றி வருவதால், ஒரு நட்சத்திரத்தில் சுமார் ஒரு நாள் இருக்கும். அப்படியானால் அந்தச் சுமார் ஒரு நாளுக்குள் உலகத்தில் எங்கெங்கோ பிறந்த அத்தனை பெண்களும் திருவாதிரைதான். அவர்களில் யாரை இந்த வரனுக்குப் பார்த்திருந்தாலும் அதே பத்துக்கு ஆறுதான் வந்திருக்கும், அதே ரஜ்ஜுதான் தட்டியிருக்கும்.

இப்போது உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். திருவாதிரையிலிருந்து எண்ணினால் அஸ்தம் எட்டாவது நட்சத்திரம். எட்டு என்பது தினப் பொருத்தத்துக்கு நல்ல எண். நீங்கள் மனுஷ கணம், அவர் தேவ கணம், அதுவும் ஏற்கத்தக்கது. யோனியில் உங்களுக்கு நாய், அவருக்கு எருமை, இரண்டுக்கும் பகை இல்லை. மிதுனம், கன்னி இரண்டுக்கும் புதனே அதிபதி என்பதால் ராசி அதிபதிப் பொருத்தம் முழுமையாக இருக்கிறது. மிதுனத்துக்குக் கன்னி வசியம். வேதையும் இல்லை. இந்த ஆறும் தேறின. மகேந்திரத்துக்கு எட்டு சேராது. ஸ்திரீ தீர்க்கத்துக்கு எண்ணிக்கை பதின்மூன்றைத் தாண்ட வேண்டும் என்பது கறாரான விதி, ஏழைத் தாண்டினாலே மத்திமம் என்று விடுபவர்களும் உண்டு. உங்கள் ராசியிலிருந்து அவர் ராசி நான்காவது என்பதால் ராசிப் பொருத்தம் இல்லை என்பார்கள், அதிபதி ஒருவரே என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்பாரும் உண்டு. கடைசியாக ரஜ்ஜு. ரோகிணி, திருவாதிரை, அஸ்தம், சுவாதி, திருவோணம், சதயம் ஆறும் கழுத்து ரஜ்ஜு. கண்ட ரஜ்ஜு என்பதும் இதுதான். நீங்கள் இருவரும் அதற்குள் வந்துவிட்டீர்கள்.

தரகரின் கம்ப்யூட்டர் பத்தையும் சமமாக எண்ணி ஆறு என்றது. உங்கள் குடும்ப ஜோதிடர் ரஜ்ஜுவை மற்ற ஒன்பதுக்கும் மேலே வைப்பவர். அதற்கு மாங்கல்யப் பொருத்தம் என்றே பெயர் உண்டு. கழுத்து ரஜ்ஜு தட்டினால் மனைவிக்கு ஆயுள் பங்கம் என்பது மரபான பலன். உங்கள் அம்மா ஏன் சாப்பிடவில்லை என்பது இப்போது விளங்கும். நான்கு பொருத்தம் குறைகிறது என்று அவர் கவலைப்படவில்லை. மகளைத் தெரிந்தே சாகக் கொடுக்கிறோமோ என்பதுதான் அவர் பயம்.

சரி, அவர்கள் வீட்டு ஜோதிடர் பொய் சொல்கிறாரா? இல்லை. ரஜ்ஜுவில் ஏறுமுகம், இறங்குமுகம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அசுவினி பாதத்தில் தொடங்கி, பரணி தொடை, கார்த்திகை வயிறு, ரோகிணி கழுத்து, மிருகசீரிடம் தலை என்று ஏறும். அடுத்த திருவாதிரை மறுபடி கழுத்து, புனர்பூசம் வயிறு என்று இறங்கும். ஆரோகணம், அவரோகணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது இதைத்தான். உங்கள் திருவாதிரை இறங்குமுகத்தில் இருக்கிறது, அவருடைய அஸ்தம் ஏறுமுகத்தில் இருக்கிறது. ஒரே ரஜ்ஜுவானாலும் ஒன்று ஏறி மற்றது இறங்கினால் தோஷம் இல்லை என்று கொள்ளும் ஜோதிடர்கள் நிறையப் பேர். அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் நிறையப் பேர். ஆக, ஒருவர் சரி, மற்றவர் தவறு என்று இங்கே தீர்ப்பதற்கு வழியே இல்லை. இருவரும் மரபுக்குள் நின்றுதான் பேசுகிறார்கள், அந்த மரபே இரண்டாகப் பேசுகிறது. மூன்றாவது, நான்காவது ஜோதிடரிடம் போனாலும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் சொல்லப் போகிறார்.

இது எவ்வளவு அபூர்வமான குறை என்றும் பாருங்கள். 27 நட்சத்திரங்களில் தலை ரஜ்ஜுவில் மூன்று, மற்ற நான்கு ரஜ்ஜுகளில் ஆறாறு. எந்தக் கணக்கும் பார்க்காமல் நூறு பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தால் சுமார் இருபத்தொரு ஜோடிக்கு ரஜ்ஜு தட்டும். ஐந்தில் ஒன்று. செவ்வாய் தோஷம் இதைவிடப் பரவலானது. லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்து விதி. பன்னிரண்டில் ஐந்து வீடு என்றால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். லக்னத்தோடு சந்திரன், சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிறவர்களிடம் போனால் பத்தில் எட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு வகையில் தோஷம் வந்து நிற்கும். அதனால்தான் ஆட்சி, உச்சம், குரு பார்வை என்று விதிவிலக்குகள் இத்தனை சேர்ந்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் ஊரில் பாதிக் கல்யாணம் நடக்காது.

ஐந்தில் ஒரு ஜோடிக்கு ரஜ்ஜு தட்டும் என்றால் அதன் விளைவு கண்ணில் பட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் பொருத்தமே பார்க்காமல் நடந்த திருமணங்கள் கொஞ்சநஞ்சமல்ல. முஸ்லிம் குடும்பங்கள் பார்ப்பதில்லை, கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. 1967-இல் சட்ட அங்கீகாரம் பெற்ற சுயமரியாதைத் திருமணங்கள், பதிவுத் திருமணங்கள், காதல் திருமணங்கள் எல்லாம் இருக்கின்றன. ஜாதகம் பார்க்கும் வீடுகளிலேயே அத்தை மகள், மாமன் மகன் என்றால் "உறவுக்குள்ள எதுக்குப் பொருத்தம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த வீடுகளிலெல்லாம் ஐந்தில் ஒரு ஜோடிக்கு ரஜ்ஜு சொல்லும் கேடு வந்ததாக நாம் கண்டதில்லை. ஜாதகத்தையே நேரடியாகச் சோதித்த ஒரு முயற்சியும் நடந்திருக்கிறது. வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் அவருடைய குழுவினரும் மகாராஷ்டிரத்தில், படிப்பில் கெட்டிக்காரர்களான நூறு பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய நூறு பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஒவ்வொரு ஜோதிடருக்கும் நாற்பது கொடுத்து, யார் எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சராசரியாக நூற்றுக்கு 46 சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் பார்த்திருந்தால் ஐம்பது வந்திருக்கும். 2009-இல் வெளியான அந்த ஆய்வு திருமணத்தைப் பற்றியதல்ல என்பது உண்மை. ஆனாலும் பிறந்த நேரத்தை வைத்து இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், ஆயுளைச் சொல்கிற வாக்குக்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் வாழ்க்கை எப்படி அமையும் என்பதைச் சொல்லும் ஆதாரமாக நட்சத்திரப் பொருத்தத்துக்கு எந்த மதிப்பும் கொடுக்க வேண்டாம். ஆனால் அம்மாவின் பயத்துக்கு நிறைய மதிப்புக் கொடுங்கள். இந்தக் கல்யாணத்துக்கு உண்மையான இடைஞ்சல் அந்தப் பயம்தான், அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனால் பின்னால் அதற்கான விலையை நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

அந்த விலை என்ன என்று பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். ரஜ்ஜு தட்டியும் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணுக்கு முதல் கர்ப்பம் தங்கவில்லை என்று வையுங்கள். அது எத்தனையோ பேருக்கு நடப்பது. ஆனால் அந்த வீட்டில் மட்டும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று யாராவது, "நான் அன்னிக்கே சொன்னேன்" என்பார்கள். டைபாய்டு வந்தாலும் அதுதான், மாப்பிள்ளைக்கு வேலை போனாலும் அதுதான். பிறகு கணவன் மனைவிக்குள் சாதாரணமாக வரும் சண்டைக்குக்கூட ரஜ்ஜுதான் காரணமாகிவிடும். நாளடைவில் அந்தப் பெண்ணே அதை நம்பத் தொடங்குகிறாள். தட்டிய ரஜ்ஜு அப்படித்தான் வேலை செய்கிறது, வாய் வழியாக. ஆகவே அரை மனதோடு வாங்கிய சம்மதம் உங்களுக்குப் போதாது. "எப்படியோ செஞ்சுக்கோ" என்று சொன்னால் அது சம்மதமே இல்லை.

அம்மாவிடம் போவதற்கு முன் நீங்கள் இருவரும் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நேற்று ஜோதிடர் பத்துக்குப் பத்து என்று சொல்லியிருந்தால், இன்றைக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்கச் சந்தோஷமாகக் கிளம்பியிருப்பேனா? மனது உடனே ஆமாம் என்றால் உங்களுக்கு இடைஞ்சல் ஜாதகம் மட்டும்தான். ஆமாம் என்று சொல்வதற்கு முன் ஏதாவது ஒன்று தடுத்தால், அது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவர் சொன்ன சம்பளத்துக்கும் செலவுக்கும் கணக்கு இடிக்கிறதா, கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாரா, அவருடைய அக்காவின் குரல் எல்லா முடிவிலும் கேட்கிறதா, அல்லது காரணமே தெரியாமல் ஒட்டவில்லையா. இப்படி ஏதாவது இருந்தால் ஜாதகப் பேச்சையே எடுக்க வேண்டாம். அதை நேராகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், தீராவிட்டால் விலகிக்கொள்ளுங்கள். மனதுக்குள் வேறு காரணத்தை வைத்துக்கொண்டு ஜாதகத்தைச் சாக்காகச் சொல்லி வெளியேறினால் அடுத்த வரனிலும் அதே காரணம் வந்து நிற்கும். அதைவிட மோசம், உள்ளே சந்தேகம் இருக்கும்போது ஜாதகத்தை எதிர்த்துப் போராடி ஜெயிப்பது. போராடிய வீறாப்பில் சந்தேகம் மறந்துபோகும், கல்யாணத்துக்குப் பிறகுதான் அது நினைவுக்கு வரும்.

உங்கள் கடிதத்தில் இருவருக்கும் பிடித்திருக்கிறது என்றுதான் தெரிகிறது. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றே பதில் வந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அடுத்த வேலை, கணக்குக்கு ஆதாரமான தகவலைச் சரிபார்ப்பது. இருவருடைய பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் ஆஸ்பத்திரிச் சீட்டு அல்லது பெற்றோர் அன்று எழுதிவைத்த குறிப்போடு ஒப்பிடுங்கள். பழைய ஜாதகக் கட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். அது எந்தப் பஞ்சாங்கப்படி எழுதியது என்றும் கேளுங்கள். வாக்கியம், திருக்கணிதம் இரண்டும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் ஒத்துப்போவதில்லை, சில நேரம் மணிக்கணக்கில்கூட வித்தியாசம் வரும். ஒரு நட்சத்திரம் முடிந்து மற்றது தொடங்கும் வேளையில் பிறந்தவர்களுக்கு இதனால் நட்சத்திரமே மாறிவிடும். உங்கள் வரன் அஸ்தம் தொடங்கிய சற்று நேரத்தில் பிறந்தவர் என்றால் மற்றொரு பஞ்சாங்கத்தில் அவர் உத்திரம் நாலாம் பாதமாக இருக்கக்கூடும். ராசி அப்போதும் கன்னிதான். ஆனால் உத்திரம் வயிற்று ரஜ்ஜு, ஆகவே உங்களோடு தட்டாது. அதே நேரம் உங்கள் நட்சத்திரத்துக்கு அது ஏழாவது என்பதால் தினப் பொருத்தம் போய்விடும், மகேந்திரம் வந்து சேரும். பையன் அதே பையன். பஞ்சாங்கத்தை மாற்றியதும் ஒரு தோஷம் போய் மற்றொன்று வருகிறது. இதை அம்மாவின் முன்னால் உட்கார்ந்து போட்டுக் காட்டினால், எந்தப் பிரசங்கமும் செய்யாத வேலையை அது செய்யும்.

இலங்கையில் பிறந்த வரன் என்றால் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள், அந்த அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். இன்று கல்யாண வயதில் இருக்கும் பல பிள்ளைகள் அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்கள். சீட்டில் உள்ள நேரத்தை அப்படியே போட்டால் லக்னம் தவறிவிடலாம். லக்னம் சுமார் இரண்டு மணிக்கு ஒன்று மாறும், நவாம்ச லக்னமோ பதின்மூன்று நிமிடத்துக்கு ஒன்று.

தகவல் சரியானதும் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரே ஒரு ஜோதிடரைத் தேர்ந்தெடுக்கட்டும். உங்களுடையவரும் வேண்டாம், அவர்களுடையவரும் வேண்டாம். போவதற்கு முன் இரண்டு அப்பாக்களும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும்: அவர் செய்யலாம் என்றால் அதோடு வாதம் முடிந்தது, வேண்டாம் என்றால் என்ன செய்வது? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு போகாவிட்டால் போகவே வேண்டாம். உங்கள் இருவருக்கும் இடையில் உறுதி ஏற்பட்டுவிட்டது, "வேண்டாம்" என்ற வாக்கை நாங்கள் ஏற்கப் போவதில்லை என்பது உங்கள் நிலை என்றால், அதை முதலிலேயே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். முடிவை ஜோதிடர் கையில் கொடுப்பதுபோல் காட்டிவிட்டுப் பிறகு மறுப்பது அவரையும் அவமதிப்பது, அப்பாவையும் அவமதிப்பது.

கேட்கும் விதமும் முக்கியம். "செய்யலாமா கூடாதா" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும், அதை வைத்து எதுவும் பேச முடியாது. ரஜ்ஜுவில் ஏறுமுகம் இறங்குமுகம் பார்ப்பீர்களா, கட்டப் பொருத்தம் எப்படி, ஏழாம் இடமும் எட்டாம் இடமும் இருவருக்கும் எப்படி, பெண்ணின் ஆயுள் ஸ்தானம் தனியாகப் பலமாக இருக்கிறதா, இருவருக்கும் தசை ஒரே சமயத்தில் மாறுகிறதா என்று கேளுங்கள். நட்சத்திரத்தை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முறிக்கக் கூடாது, கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ள ஜோதிடர்களே சொல்வார்கள். பெண்ணின் ஜாதகத்தில் ஆயுள் தீர்க்கம் என்றால் ரஜ்ஜுவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் அவர்களிலேயே பலர். அம்மா நம்பும் மொழியில் அம்மாவுக்குத் தைரியம் சொல்ல இது ஒரு நேர்மையான வழி. உங்களுக்கு நம்பிக்கை இல்லாத சாஸ்திரத்தைப் பயன்படுத்துகிறோமே என்று கூச வேண்டாம். அவர் பயந்தது அந்த சாஸ்திரத்தால், அந்தப் பயத்துக்குப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நேரத்தைக் கொஞ்சம் திருத்தி, பாதத்தை மாற்றி, "பொருந்துகிற ஜாதகம்" எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஊரில் சாதாரணமாக நடக்கிறது என்பது உண்மைதான். என்றைக்காவது அது வெளியே வரும்போது ரஜ்ஜு போய் ஏமாற்று என்ற வார்த்தை வந்து உட்காரும். அதற்கு எந்தக் குடும்பத்திலும் மன்னிப்புக் கிடையாது.

பரிகாரம் பற்றி என் அளவுகோல் சுருக்கமானது. அம்மாவின் மனது ஆறும் என்றால் திருக்கடையூர் போய் ஆயுள் ஹோமம் செய்யச் சொன்னாலும் செய்யலாம், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளலாம். இருவரும் சேர்ந்து போங்கள். பெண் மட்டும் செய்ய வேண்டும், வாழை மரத்துக்குத் தாலி கட்ட வேண்டும் என்பது போன்றவற்றை மறுத்துவிடுங்கள். அவை குற்றத்தை ஒருத்தியின் தலையில் எழுதிவிடுகின்றன. கடன் வாங்கிச் செய்யும் அளவுக்கு ஒரு பரிகாரத்தின் செலவு போனால் அதையும் மறுத்துவிடுங்கள்.

சில ஊர்களில் இந்த மாதிரிச் சிக்கலுக்குக் கோயிலில் பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சந்நிதியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மாவின் பயம் ஒரே நிமிடத்தில் போய்விடும் என்பதால் பலர் ஆசைப்படுவார்கள். சிவப்பு வருவதற்கும் அதே அளவு வாய்ப்பு இருக்கிறது. வந்தால் கடவுளே சொல்லிவிட்டார் என்றாகிவிடும், அதன் மேல் பேச்சுக்கு இடமில்லை. நீங்கள் மனதில் முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால் இதற்கு இணங்காதீர்கள்.

இதற்கெல்லாம் நடுவில், ரஜ்ஜு தட்டுகிறது என்று சொல்வது யார், எப்போது சொன்னார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் விஷயத்தில் பயப்படுவது பெண்ணைப் பெற்றவர், பலனும் பெண்ணுக்கு என்பதால் அந்தப் பயம் உண்மையானது. எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. மனது நோகாமல் வரனைத் தட்டிக் கழிக்க நம்மிடம் உள்ள மரியாதையான வாக்கியம் "ஜாதகம் சேரல" என்பதுதான். நட்சத்திரம் முதல் நாளே கைக்கு வந்திருக்கும். வீடு வந்து பார்த்து, நகை பற்றிப் பேசி முடிந்த பிறகு திடீரென்று பொருத்தம் இல்லை என்று தகவல் வந்தால், காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு ஜோதிடரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். உண்மையாகவே பயந்தவர்கள் ஆசையோடு வருவார்கள், யாராவது நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றுதான் அவர்கள் ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள். வேறு காரணம் உள்ளவர்கள், "எங்களுக்கு எங்க ஜோசியர் சொன்னா போதும்" என்பார்கள். அங்கே ஜாதகத்தைப் பற்றி வாதாடுவது வீண், நகையைப் பற்றியோ சாதியைப் பற்றியோதான் பேச வேண்டியிருக்கும், அல்லது பேசாமல் விட்டுவிட வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் பேசுவதற்கு வருகிறேன். கூட்டமாக உட்கார்ந்து பேசாதீர்கள். சித்தப்பா, பெரியம்மா எல்லாம் இருக்கும்போது அவரால் பின்வாங்க முடியாது. நீங்கள் மட்டும், அடுப்படியிலோ மொட்டை மாடியிலோ தனியாகப் பேசுங்கள். "இந்தக் காலத்துல போய் இதெல்லாம் நம்புறியாம்மா" என்று தொடங்கினால் அன்றோடு முடிந்தது. "நான் செத்துடுவேன்னு பயப்படுறியாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். அந்த வார்த்தையை அவர் இதுவரை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். அழுவார். அழட்டும். அதற்குப் பிறகு குடும்பத்தில் உங்களுக்குத் தெரிந்த தம்பதிகளின் நட்சத்திரங்களை இருவரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். தாத்தா பாட்டி, அத்தை மாமா, பெரியப்பா பெரியம்மா என்று இருப்பவர், போனவர் யாரையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். நல்லபடியாக வாழ்ந்தவர்களை மட்டும் பொறுக்கினால் அம்மா நம்ப மாட்டார், அது நியாயமும் இல்லை. எந்த நட்சத்திரம் எந்த ரஜ்ஜு என்று பஞ்சாங்கத்தில் இருக்கும். ரஜ்ஜு தட்டி நன்றாக வாழ்ந்த ஜோடி அதில் ஒன்றாவது இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எல்லாப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்து நிம்மதியில்லாமல் போன ஜோடியும் இருக்கும், அது யாரென்று நீங்கள் சொல்ல வேண்டாம், அம்மாவுக்கே தெரியும்.

அவர் இறங்கி வந்தால் ஒரு வாக்குறுதி கேளுங்கள். சம்மதித்த பிறகு, என்ன நடந்தாலும், ரஜ்ஜு என்ற வார்த்தை இந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. இதே வாக்குறுதியை மாப்பிள்ளை தன் வீட்டில் கேட்டு வாங்க வேண்டும். அவர் வீட்டில் நீங்கள் கேட்கக் கூடாது. அவரால் தன் அம்மாவிடம் இதைக் கேட்க முடிகிறதா என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம்.

அம்மா இறங்கி வராவிட்டால் உடனே முறித்துக்கொள்ளவும் வேண்டாம், உடனே பதிவு அலுவலகத்துக்கு ஓடவும் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் என்று ஒரு கெடு வைத்து, அதை மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியப்படுத்துங்கள். கெடு சொல்லாமல் இழுத்தால் அவர்கள் வேறு பெண் பார்க்கத் தொடங்குவார்கள், அது நியாயமும்கூட. அந்த மாதங்களில் அவர் உங்கள் வீட்டுக்கு வந்துபோகட்டும், அப்பாவோடு ஒரு வேலையாக எங்காவது போகட்டும், அம்மா கையால் ஒருவேளை சாப்பிடட்டும். முகம் தெரியாத அஸ்த நட்சத்திரத்தைப் பார்த்துப் பயந்த பல அம்மாக்கள், பந்தியில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் ரசம் கேட்ட பையனைப் பார்த்து மனம் மாறியிருக்கிறார்கள். அப்படியும் மாறாவிட்டால், கெடு முடிந்த அன்று முடிவு உங்கள் இருவருடையது. செய்துகொள்வது என்று தீர்மானித்தால் அம்மாவிடமிருந்து மறைக்காமல், தேதியைச் சொல்லி, வரச் சொல்லி அழையுங்கள். வராவிட்டாலும் மறுநாள் காலையில் முதல் போன் அவருக்குப் போக வேண்டும், அதை நீங்களே செய்யுங்கள், மாப்பிள்ளையைப் பேசச் சொல்லாதீர்கள்.